எதிர்வீட்டுக்காரியின் பத்து மெஷின்கள்

அந்தப் படத்தில் பத்துத் தையல் மெஷின்கள் இருந்தன. ஒன்பதா பத்தா என்று எனக்குச் சந்தேகம். மகளைப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். கதவோரத்தில் பாதி மட்டும் தெரிந்ததையும் சேர்த்தால் பத்து. எல்லாம் மோட்டார் வைத்தவை. என் ஒற்றை மெஷினை நான் இன்னும் காலால்தான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன். மகள் கேம்ப் கடைவீதிப் பக்கம் ஒரு ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, போபோடியில் எங்கள் ஒற்றை அறையின் மூலையில் வைத்திருந்தாள். அப்போது இன்டர்நெட்டில் ஒரு சிநேகிதப் பக்கம் எல்லோரிடமும் பரவியிருந்தது. அவரவர் படத்தைப் போடுவார்கள், மற்றவர்கள் வந்து கீழே நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். அதில்தான் மகள் ஒரு நாள், "ம்மா, நம்ம எதிர்வீட்டு ஆன்ட்டி பார்" என்று கூப்பிட்டாள்.

எதிர்வீட்டுக்காரி என்று சொன்னாலும் அவள் அந்த வீட்டை விட்டுப் போய் ஏழு வருடமாகியிருந்தது. புருஷனுக்கு விமான் நகர் பக்கம் வேலை மாறியதும் குடும்பத்தோடு போய்விட்டாள். போகும்போது அவளிடமும் ஒரு மெஷின்தான். இப்போது கண்ணாடிக் கதவு, ஆங்கிலத்தில் போர்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி. நடுவில் அவள் கழுத்தில் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். படத்துக்குக் கீழே இருபத்தாறு பேர் எழுதியிருந்தார்கள். அதை எண்ணியதும் நான்தான்.

அதைப் பார்த்து எனக்கு ஏன் அப்படி வயிறெரிந்தது என்பதற்குப் பழைய கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள், மராட்டி ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். இரண்டு பேர் புருஷனுக்கும் கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மராட்டி அம்மாள் தன் வீட்டில் ஆறு மாதத் தையல் வகுப்பு நடத்தினாள். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் ஐந்தாவதுவரை படித்தவள். எண்கள் தெரியும், இன்ச் டேப் பார்க்கப் பழகிக்கொண்டேன். தையல் எனக்குக் கோடு போட்ட மாதிரி வரும். அவளுக்குக் கொக்கிப் பட்டி எப்போதும் பாம்பு மாதிரி நெளியும். அந்த அம்மாள் என் துணியை மற்றவர்களிடம் தூக்கிக் காட்டி, "பகா, ஹாத் கிதீ ஸாஃப் ஆஹே", பாருங்கள், கை எவ்வளவு சுத்தம் என்பாள். எனக்கு வெட்கத்தில் காது சுடும். தலையைக் குனிந்துகொள்வேன். எதிர்வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே, "அக்கா, உன் கைய எனக்குக் குடுத்துட்டு என் வாய நீ எடுத்துக்கோ" என்பாள்.

அதைக் கேலி என்றுதான் நினைத்திருந்தேன். அவள் போய் ஏழு வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது, கோடு போட்ட மாதிரி தைத்தவள் திரைச்சீலைக்குப் பின்னாலும் பாம்பு மாதிரி தைத்தவள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலும் இருப்பது என்ன நியாயம் என்று தோன்றியது. திரைச்சீலை என்றால் நிஜமாகவே திரைச்சீலை. ஆம்பளைகள் யாராவது ஜாக்கெட் வாங்க வந்தால் நான் அதற்குப் பின்னால் இருந்துகொண்டு மகள் கையில் கொடுத்தனுப்புவேன். ஒரு போர்டு எழுதி மாட்டச் சொல்லி என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். தெருவே நம்மைப் பார்க்குமே என்று மாட்டவில்லை. அவள் அப்படியில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவளின் சட்டைக் கையைத் தொட்டு, "இது தூக்குது பார், என்கிட்ட குடு, சரி பண்ணித் தரேன்" என்பாள். இதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது. படத்தில் மெஷின்தான் தெரியும். நானும் மெஷினைத்தான் பார்த்தேன்.

தினமும் பார்த்தேன். மகள் ஆபீசிலிருந்து வந்து கை கால் கழுவும் முன்பே, "அந்த டிசைன் ஒன்னு இருந்துதே, அத இன்னொரு வாட்டி காட்டேன்" என்பேன். டிசைனுக்காக இல்லை. புதிதாக என்ன போட்டிருக்கிறாள், யார் என்ன எழுதியிருக்கிறார்கள், அதுதான் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதை மகள் தமிழாக்கிச் சொல்வாள். "சூப்பரா இருக்காம். இன்னொருத்தி அட்ரஸ் கேக்குறா." நல்லதாக ஒன்று சொன்னால் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காது. படத்தில் ஏதாவது குறை தெரிந்தால், ஒரு ஜாக்கெட்டின் கை சுருங்கியிருந்தால், அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. எடுத்தேன். அவள் குரல்.

"அக்கா, உன் பொண்ணுக்கு என் மேல என்னா இவ்ளோ ஆசை? தெனம் என் பக்கத்துக்கு வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை எழுதாம போறாளே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லியே" என்றேன்.

"இல்லையா? யார் யார் வந்து பாத்தாங்கன்னு பேர் போட்டுக் காட்டுதுக்கா. முதல் பேரே அவதான். என் பொண்ணு சிரிக்கிறா."

போனை வைத்துவிட்டு மகளிடம் கேட்டேன். ஆமாம், அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று உண்டு. நாம் யார் பக்கம் போனாலும் அவர்களுக்கு நம் பெயர் தெரியும். "உனக்குத் தெரியாதாடி?" என்றேன். "தெரியும்மா. ஆனா அத ஆஃப் பண்ணா நம்ம பக்கம் யார் வந்தான்னு நமக்கும் தெரியாது" என்றாள். அவளுக்கு அது வேண்டும். யார் தன்னைப் பார்த்தார்கள் என்று அவளும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நோய்.

இரண்டு நாள் பார்க்காமல் இருந்தேன். மூன்றாவது நாள்தான் டீச்சர் வந்தார்கள்.

டீச்சர் கட்கியில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர்கள். நான் தைக்கத் தொடங்கிய முதல் வருடத்திலிருந்தே என்னிடம்தான் ஜாக்கெட் கொடுப்பார்கள். என்னை நம்பி வந்த முதல் பெரிய மனுஷி அவர்கள்தான். தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். புடவையோடு சேர்ந்தே நெய்து வந்த ஜாக்கெட் துணி, கத்தரிப்பூ நிறப் பட்டு. கூடவே அளவு ஜாக்கெட் ஒன்றை வைத்தார்கள். எங்கள் ஜனங்கள் யாரும் உடம்பில் டேப் வைத்து அளக்க விடமாட்டார்கள். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, இது மாதிரி தை என்பார்கள். அதை விரித்து அளந்துகொள்ள வேண்டும்.

"இது என்னோடது. அந்தக் காலத்துல நீ தைச்சது. எனக்கு எங்க இப்போ பத்துது? இவளுக்கு அப்படியே அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றார்கள் டீச்சர். "இதே மாதிரி போதும்மா. பின்கழுத்து மட்டும் கொஞ்சம் எறக்கி வை. இப்போ பிள்ளைங்க கேக்குதுங்க."

கொஞ்சம் என்று சொன்னார்கள். எனக்கு அது காதில் விழவில்லை. எதிர்வீட்டுக்காரியின் பக்கத்தில் நான் மனப்பாடமாகப் பார்த்த ஒரு படம் கண்ணில் நின்றது. ஒல்லியான ஒரு பெண், முதுகு முழுக்கத் திறந்த ஜாக்கெட், தோளுக்குத் தோள் ஒரு நாடா, நுனியில் குஞ்சம். அதற்கும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். நானும் இதைத் தைப்பேன், டீச்சர் மகளும் படம் போடுவாள், அதை அவள் பார்ப்பாள். இதுதான் என் கணக்கு. அளவு ஜாக்கெட்டைச் சுற்றளவுக்கு மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். கழுத்தையும் தோளையும் படத்தைப் பார்த்து வெட்டினேன்.

தைக்கிறவர்களுக்குத் தெரியும், பின்கழுத்து இறங்க இறங்க ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து நிறுத்தும் துணி குறைந்துகொண்டே வரும். அதனால் கழுத்தை அகலத்தில் குறைக்க வேண்டும், முன்கழுத்தை ஏற்றி வைக்க வேண்டும், முதுகுக் குறுக்களவைக் கால் இன்ச், அரை இன்ச் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தோள் நழுவிக் கைக்கு வந்துவிடும். நான் பின்னாலும் இறக்கி, முன்னாலும் இறக்கி, அகலத்தையும் கூட்டியிருந்தேன். படத்தில் விளிம்பு மெலிசாகத் தெரிந்ததால், பிறகு பிரித்துவிட எப்போதும் உள்ளே விடுகிற துணியைக்கூட விடாமல் வெட்டியிருந்தேன்.

கொக்கி வைக்கும் முன் மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கும் டீச்சர் மகளுக்கும் ஏறக்குறைய ஒரே உடம்பு. இரண்டு தோளும் ஒரே சமயத்தில் நழுவி விழுந்தன. நாடாவை இழுத்துக் கட்டினேன். முதுகுப்பக்கம் நின்றது, முன்பக்கம் வாய் பிளந்தது.

மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ம்மா, யே தோ கயா" என்றாள், இது போச்சு என்று.

அதே நிறத்தில், அதே நெசவில், அந்தப் பட்டு கேம்ப்பில் எந்தக் கடையிலும் கிடைக்காது. புடவையோடு பிறந்த துணி அது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தைக்கத் தொடங்கிய முதல் வருடத்திலும் இப்படி ஒன்று நடந்தது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட்டை இஸ்திரியில் கருக்கிவிட்டேன். அப்போது என்ன செய்தேன் தெரியுமா? டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். அவள் வரும்போதெல்லாம் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து அவரை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. இந்தத் தடவையும் கை தானாகப் பெட்டியைத்தான் தேடியது. டீச்சர் போய்விட்டால் என்னிடம் கொடுக்க இனி யாரும் வரமாட்டார்கள், மெஷினுக்கு உறை போட்டு மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல், ஜாக்கெட்டையும் அளவு ஜாக்கெட்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி வேறு பஸ் மாறி விமான் நகர் போனேன். படத்தில் பார்த்த கண்ணாடிக் கதவு நேரில் இன்னும் பெரியதாக இருந்தது. இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் நின்றேன். உள்ளேயிருந்து அவளே ஓடி வந்தாள்.

"வாக்கா. பாக்கறதுக்குக் கம்ப்யூட்டர் போதலியா?"

முகம் தொங்கிவிட்டது எனக்கு. மெஷின்களைப் பார்த்தேன். பத்து இல்லை, பன்னிரண்டு. எல்லாம் அவளுடையவைதான். கடன் வாங்கிய கடை, காட்டுவதற்கு வைத்த மெஷின் என்று ஏதாவது இருக்கும் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. நாலைந்து பெண்கள் வேலையில் இருந்தார்கள். அவள் நிஜமாகவே முன்னேறியிருந்தாள்.

பையிலிருந்ததை எடுத்து மேஜையில் வைத்தேன். விரித்துப் பார்த்தாள். தோளைப் பிடித்துத் தூக்கினாள், கழுத்தைச் சாண் வைத்துப் பார்த்தாள்.

"இது என் போட்டோல இருக்கிறது தானே?"

தலையாட்டினேன்.

"அடிப் பாவி. அந்தப் பொண்ணுக்கு முதுகுல ஆறு பின்னு குத்தி, மூச்சு விடாதன்னு சொல்லி எடுத்தது அது. அவ போட்டுக்கினு போனது வேற. பின்னாடி நாலு இன்ச் ஏத்தித்தான் குடுத்தேன்." கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ ஏன்கா பாத்து வெட்டுன? நீ அளவு வச்சு வெட்டுறவளாச்சே."

ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

புடவையின் உள் முனையில், இடுப்பில் செருகுகிற பக்கம், ஆறு இன்ச் வெட்டினால் வெளியே தெரியாது, அந்தத் துணியில் பின்பக்கத்துக்கு ஒரு பட்டை கொடுத்துத் தோளை இணைத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். "இங்கியே குடு, சாயங்காலத்துக்குள்ள என் பொண்ணுங்க முடிச்சிடுவாங்க." வேண்டாம் என்றேன். பிடிவாதம்தான். அவள் கடையில் அவள் ஆட்கள் என் தப்பைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் புடவையை வெட்ட வேண்டும் என்றால் டீச்சரிடம் சொல்லியாக வேண்டும். அதுதான் பெரிய வேலை.

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் அளவு ஜாக்கெட் இருந்தது. பட்டை எங்கே வர வேண்டும் என்று பார்ப்பதற்காக அதை உள்புறமாகத் திருப்பினேன். அது வரை நான் அதை உள்பக்கம் பார்க்கவேயில்லை. பார்த்ததும் யார் தைத்தது இது என்று ஒரு நொடி நினைத்தேன். நான்தான், பதினாலு வருடத்துக்கு முந்தைய நான். கை ஏற்றிய இடத்தில் துணி கூம்பிக் கூம்பிச் சுருங்கியிருந்தது. எண்ணினேன், ஒன்பது சுருக்கம். மார்புக்குப் பிடிக்கும் டார்ட் மடிப்பு வலது பக்கம் இடதைவிட அரை இன்ச் மேலே. உள்ளே ஓரம் அடிக்காமல் நூல் பிரிந்து தொங்கியது. இதைத்தானா அந்த மராட்டி அம்மாள் தூக்கிக் காட்டினாள்? டீச்சர் இதையா ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார்கள்? இப்போது நான் கை ஏற்றினால் ஒரு சுருக்கம் இருக்காது. எப்போது அது சரியானது என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் கழுத்தைச் சுற்றி உருட்டித் தைத்த பட்டியை, பைப்பிங்கைப் பார்த்தபோது சந்தோஷம் பாதியானது. வளைவில் திருகிக்கொண்டு நின்றது. போன வாரம் நான் தைத்ததும் அதே இடத்தில் அதே மாதிரிதான் திருகியது. பதினாலு வருடத்தில் அதில் ஒரு நூல்கூட நான் முன்னேறவில்லை. ஒரு மாதமாகப் பத்து மெஷினைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததில் நாளைக்கு எதைச் சரி செய்ய வேண்டும் என்று ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பழைய துணியை உள்புறமாகத் திருப்பியதில் இரண்டு பஸ் ஸ்டாப் போவதற்குள் தெரிந்துவிட்டது.

ஸ்டேஷனில் மாறி, வீட்டுக்குப் போகாமல் நேரே டீச்சர் வீட்டில் இறங்கினேன். வாசலில் நின்று, "டீச்சர், துணிய நான் கெடுத்துட்டேன்" என்றேன். வேறு முன்னுரை ஒன்றும் வரவில்லை.

டீச்சர் ஜாக்கெட்டை வாங்கிப் பார்த்தார்கள். நெற்றி சுருங்கியது. உள்ளேயிருந்து கல்யாணப் பெண் வந்து பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உள் முனை, ஆறு இன்ச், பட்டை என்று சொல்லி முடித்தேன்.

"முகூர்த்தப் புடவையில கத்திரி வைக்கிறதா?" என்றார்கள் டீச்சர். அவர்களுக்கு அது பிடிக்கவேயில்லை. ஜாக்கெட்டைத் திருப்பி மறுபடி பார்த்தார்கள். "ஏன் சொல்ல வந்தே? கல்யாணத்தன்னிக்கு வரைக்கும் இழுத்தடிச்சிருக்கலாமே. எத்தனை பேர் அப்படிப் பண்றாங்க."

"அப்படிப் பண்ணிப் பாத்திருக்கேன் டீச்சர்" என்றேன்.

கடைசியில் புடவையை எடுத்து வந்து, தானே கத்திரியை வைத்து ஆறு இன்ச் வெட்டிக் கொடுத்தார்கள். என் கையில் வெட்டத் தரவில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

நாலு நாள் ஆனது. பழைய ஜாக்கெட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, தோளும் கழுத்தும் குறுக்களவும் அதிலிருந்தே எடுத்தேன். பட்டையின் இணைப்பு மேல் தெரியாமலிருக்க ஒரு வரி ஜரிகை ஓட்டினேன். கழுத்துப் பைப்பிங்குக்கு வந்ததும் மறுபடி திருகியது. இரண்டு தடவை பிரித்தேன். மூன்றாவது தடவை நான் போனை எடுத்தேன். பிறந்ததிலிருந்து நானாக யாருக்கும் போன் செய்தவள் இல்லை.

"பைப்பிங் திருகுது" என்றேன்.

"குறுக்குவாட்டுல தானே வெட்டுற?"

"ஆமா."

"தைக்கும்போது எத இழுக்குற? கழுத்தையா, பட்டியையா?"

யோசித்தேன். "கழுத்த."

"அதான்கா. கழுத்த விடு. பட்டிய மட்டும் லேசா இழு, வளைவுல வந்தா இன்னும் கொஞ்சம். முடிச்சதும் உள்ள குட்டிக் குட்டியா வெட்டு விடு." பிறகு சொன்னாள், "பதினாலு வருசமா இத என்கிட்ட கேக்க வெக்கமா உனக்கு?"

கழுத்து படிந்தது. ஜாக்கெட் நின்றது. கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை போட்டார்கள், எடுத்தார்கள், குனிந்து நிமிர்ந்தாள், தோள் அசையவில்லை. அவள் பிறகு படம் போட்டாள். கீழே பதினோரு பேர் எழுதினார்கள். இருபத்தாறுக்கு இன்னும் பதினைந்து குறைவு என்று அன்றைக்கும் கணக்குப் போட்டேன். பொறாமை அப்படி ஒரேயடியாகப் போய்விடாது. போய்விட்டது என்று சொன்னால் பொய்.

ஆனால் அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "எனக்கு வேற இருக்கு, இத நீயே வச்சிக்க" என்று டீச்சர் சொன்னார்கள். அதை வைத்து ஒரு பழக்கம் செய்துகொண்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டபின், வெள்ளைப் பாப்ளினில் ஒரு கை ஏற்றி, ஒரு கழுத்துக்குப் பைப்பிங் வைப்பேன். எப்போதும் அதே அளவு, அதே துணி. பிரித்துச் சரி பண்ணக் கூடாது, முதல் தடவை வந்ததுதான். ஓரத்தில் பென்சிலால் வருடத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுதி, போன வருடத்துத் துணியோடு உள்புறமாகத் திருப்பி வைத்துப் பார்ப்பேன். முதல் வருடம் கழுத்தில் ஒரு திருகல் இருந்தது. இரண்டாம் வருடம் இல்லை, நேரமும் குறைந்தது. அன்றைக்கு மகளிடம் போர்டு ஒன்று எழுதித் தரச் சொன்னேன். சின்னதாக, தமிழிலும் மராட்டியிலும்.

மூன்றாம் வருடம் துணியைத் திருப்பிப் பார்த்தேன். தையல் அலைந்திருந்தது. கழுத்தில் இரண்டு இடத்தில் ஊசி விளிம்பை விட்டு வெளியே போயிருந்தது. நேரமும் கூடுதல். போன வருடத்துத் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி மேல் வந்த அதே எரிச்சல் இப்போது போன வருடம் தைத்தவள் மேல் வந்தது. இவள் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாகத் தைத்தாள் என்று.

ஊசி வெளியே போனதே தைக்கும்போது எனக்குத் தெரியவில்லையே என்றபோதுதான் கண் ஞாபகம் வந்தது. அது வரை வீட்டில் யாரும் என் கண்ணைப் பற்றி நினைக்கவில்லை, நானும்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் போவது நமக்கே தெரிவதில்லை. மறுநாளைக்கு மறுநாள் கட்கியில் கண் டாக்டரிடம் போனேன். எத்தனை நாளாக மங்கலாக இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். பையிலிருந்து போன வருடத்துத் துணியையும் இந்த வருடத்துத் துணியையும் எடுத்து, ஓரத்தில் எழுதிய வருடம் அவர் பக்கம் தெரியும்படி மேஜையில் வைத்தேன்.

அவர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஒன்றையும் பிறகு மற்றதையும் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைக் கண் சோதிக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.